முப்பதில் ஏழு

எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜருக்கு ஒரு பழக்கம். யாராவது வேலையை விட்டுப் போகிறேன் என்று சொன்னால் உடனே எழுந்து நின்று கைகொடுப்பார். "ரொம்பச் சந்தோஷம்மா, நல்லா இருக்கணும்" என்பார். அந்தக் கை கொடுத்ததோடு அவருடைய நல்ல குணம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு நாம் அவருக்கு ஆள் இல்லை, கணக்கு.

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற முப்பது கட்டில் ஆஸ்பத்திரி அது. நான் நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அங்கேதான் வேலை பார்த்தேன். பையன் பிறந்தபிறகு தினமும் போக முடியவில்லை. என் நாத்தனார் திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள். அதனால் அந்த மூன்று நாள் மட்டும் முழு டூட்டி, வாரத்தில் பாதி வேலை. முழு வேலைக்குப் பதினாலாயிரம். எனக்கு அதில் பாதி, ஏழாயிரம். இதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. பாதி வேலைக்குப் பாதிச் சம்பளம், நியாயம்தானே.

அந்த மாதம் தொடங்கும்போதே எனக்கு ஆர்டர் வந்துவிட்டது. மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ் வேலை. சம்பளம் கூட, வீட்டிலிருந்து ஒரே பஸ். அந்த வேலை என்றால் தினமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரும் சம்மதித்திருந்தாள். இன்டர்வியூவில் சான்றிதழ்களின் ஜெராக்ஸ் போதும் என்றார்கள். சேரும்போது அசல் வேண்டும். பதினேழாம் தேதி புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சேர வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கிறவரைக் கூப்பிடுவோம் என்று ஆர்டரிலேயே அச்சடித்திருந்தது.

என் அசல் சான்றிதழ்கள் எல்லாம் மேனேஜர் பீரோவில். வேலைக்குச் சேருகிற அன்றே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் எங்கள் பக்கம் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி எதிலும் வேறு மாதிரி நான் பார்க்கவில்லை. நர்ஸ் ஓடிவிடுவாளாம். நாங்கள் என்ன வட்டிக்கு வாங்கின மாடா, கயிறு போட்டு வைக்க?

பெரிய டாக்டரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். பார்ட்-டைம் ஆளுக்கு ஒரு மாத நோட்டீஸ் எல்லாம் வேண்டாம், பதினைந்தாம் தேதியோடு நின்றுகொள் என்றார். மேனேஜர் எழுந்து கைகொடுத்தார். டாக்டர் அன்று ராத்திரியே கேரளாவுக்குப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் மாத்திரை எழுதிக் கொடுக்கிற மனுஷன் தன் முதுகுவலிக்கு எண்ணெய் தடவிக்கொள்ள அங்கே போய்ப் படுத்துக்கொள்வார். அங்கே போனையும் வாங்கி வைத்துவிடுவார்களாம்.

பதினைந்தாம் தேதி திங்கள்கிழமை கடைசி டூட்டி முடித்தேன். மறுநாள் காலை கணக்கை முடித்துச் சான்றிதழை வாங்கப் போனேன். கணவரிடம், "பத்து மணிக்கெல்லாம் வந்துருவேன், நாளைக்குக் கட்டுறதுக்கு அந்தப் பச்சைச் சேலையை இஸ்திரி போடக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவ்வளவு நம்பிக்கை.

கணக்கர் அண்ணாச்சி கம்ப்யூட்டரில் தட்டி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். சம்பளம் ஆயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்று. என் கணவருடைய லோடு ஆட்டோவுக்கு டயர் போட நான் வாங்கியிருந்த முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு. கழித்தால் மைனஸ் எண்ணூற்று அறுபத்தேழு.

எனக்குப் புரியவில்லை. பாதி மாதம் வேலை பார்த்திருக்கிறேன். ஏழாயிரத்தில் பாதி மூவாயிரத்து ஐந்நூறு. முன்பணம் போக ஆயிரம் ரூபாய் என் கைக்கு வரணும். மனசுக்குள் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, தப்பா இருக்கே."

"கம்ப்யூட்டர் போட்டது சிஸ்டர்."

"கம்ப்யூட்டர் என்ன போட்டுச்சு? சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் மேனேஜர் செருமினாலே தண்ணீர் குடிக்கிறவர். திரையில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று 'மாத நாள்', அதில் முப்பது. பூட்டு போட்ட கட்டம், மாற்ற முடியாது. இன்னொன்று 'வந்த நாள்', அதில் ஏழு. ஏழாயிரத்தை முப்பதால் வகுத்து ஏழால் பெருக்கியிருந்தது.

ஏழு சரிதான். ஒன்று, மூன்று, ஐந்து, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து. என்னுடைய டூட்டி நாள் ஒன்றுகூட விடவில்லை. ஆனால் அந்த முப்பது? அது யாருடைய முப்பது?

"அண்ணாச்சி, போன மாசமெல்லாம் நான் பதிமூணு நாள்தானே வந்தேன்? அப்ப எப்படி ஏழாயிரம் முழுசா வந்துச்சு?"

அவர் மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "முழு மாசம் வேலை பாத்தா பார்ட்-டைம் ஆளுக்கும் வந்த நாள் முப்பதுன்னு நான் கையால போட்டுருவேன் சிஸ்டர். அப்பதான் சரியா வரும். பாதியில நிக்கவங்களுக்கு மட்டும் வந்த நாளை அப்படியே போடச் சொல்லியிருக்காங்க."

கேட்டீர்களா அநியாயத்தை! பதிமூன்று நாள் வந்தால் முப்பது. ஏழு நாள் வந்தால் ஏழு. நான் வாரத்துக்கு மூன்று நாள்தான் வருவேன் என்பதற்காகத்தான் சம்பளத்தை முதலிலேயே பாதியாக வெட்டினார்கள். வெட்டின சம்பளத்தை எடுத்து, நான் வராத செவ்வாய்க்கும் வியாழனுக்கும் சனிக்கும் ஞாயிற்றுக்கும் மறுபடி வெட்டுகிறார்கள். ஒரே விரலை இரண்டு தடவை நறுக்கின மாதிரி.

மேனேஜரிடம் போனேன். அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மடிக்கக்கூட இல்லை.

"சார், எனக்கு இந்த மாசம் டூட்டி நாள் மொத்தம் பதிமூணு. அதுல ஏழு வந்திருக்கேன். பதிமூணுல ஏழுன்னு போடுங்க. இல்லைன்னா முப்பது நாள்ல பதினஞ்சு நாள் முடிஞ்சிருக்கு, அப்படிப் போடுங்க. நீங்க மேலே என் நாளையும் கீழே ஆஸ்பத்திரி நாளையும் போட்டிருக்கீங்க."

"எல்லாருக்கும் முப்பதுதான்மா. உனக்குன்னு தனி மாசமா செய்ய முடியும்?"

"சரி சார். போன மாசம் லேபர் வார்டு சிஸ்டர் முழு டூட்டி பாத்து பாதி மாசத்துல நின்னாங்களே, இப்படிப் பதினஞ்சு நாள்ல நின்னா அவங்களுக்கு எவ்வளவு வரும்?"

அவர் யோசிக்காமல் சொன்னார். "பதினாலாயிரத்துல பாதி. ஏழாயிரம்."

"நான் அவங்க வேலையில பாதி. அப்ப எனக்கு மூவாயிரத்து ஐந்நூறுதானே வரணும்? எப்படி ஆயிரத்து அறுநூறு வருது?"

இதைக் கேட்டபோது தோசை கையோடு நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கு நன்றாகத் தெரியும், விளங்கிவிட்டது. கண்ணில் தெரிந்தது. அப்புறம் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

"அவ தினமும் வந்தா. நீ முந்தாநாள் எங்க இருந்த?"

"ஞாயித்துக்கிழமை அவங்களும் வீட்லதானே சார் இருந்தாங்க?"

"ஏம்மா, கவர்மெண்ட் வேலைக்குப் போறவளுக்கு எண்ணூறு ரூபாய் பெருசா? கட்டிட்டுப் போயேன்."

நியாயப்படி அது என் பணம். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு ஆயிரம் ரூபாய் போகட்டும், எண்ணூறும் போகட்டும், சான்றிதழ் வந்தால் போதும் என்று தோன்றிவிட்டது. பையில் இருந்ததை எடுத்தேன். ஐந்நூற்றுச் சொச்சம் இருந்தது. மீதிக்குக் கணவரை வரச் சொன்னேன், அவர் வாடகையை விட்டுவிட்டு ஓடிவந்து கொடுத்தார். பணத்தை மேஜையில் வைத்தேன்.

அப்போதுதான் மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டு, பணத்தை என் பக்கமே தள்ளிவிட்டு அடுத்த குண்டைப் போட்டார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். போகிறவருடைய கணக்கு ப்ளஸ்ஸில் முடிந்தால் மேனேஜர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். மைனஸில் முடிந்தால் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கேஷில் பணம் வாங்குவார்கள், அதற்குப் பிறகுதான் பீரோ திறக்கும். எப்போதோ ஒருவர் பாக்கியோடு போய்விட்டாராம், அதிலிருந்து வைத்த சட்டம்.

"டாக்டர் எப்ப வருவாங்க?"

"வெள்ளிக்கிழமை."

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் சேரணும் சார்!"

"அதுக்கு நான் என்ன செய்யச் சொல்லுத? மைனஸ்ல இருக்கியேம்மா."

இதை அவர் சொன்ன தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. திட்டவில்லை, கத்தவில்லை. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி குடி என்று சொல்கிற மாதிரி சொன்னார். அப்படியே அந்தச் சட்னிக் கிண்ணத்தை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். என் கணவர்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

வெளியே வந்து டாக்டர் நம்பருக்குப் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. அவர் வீட்டம்மாவுக்குப் போட்டேன். "அங்க போன் குடுக்க மாட்டாங்கம்மா, எனக்கே பேச முடியலை. மேனேஜர்கிட்ட கேளு, என் தம்பிதானே" என்றார். அவர் தம்பிதான். அதுதான் எங்கள் தலையெழுத்து.

புதன்கிழமை காலையில் மறுபடி போனேன். இந்தத் தடவை சண்டை போடவில்லை. கணக்கர் அண்ணாச்சி பக்கத்தில் போய் நின்று கெஞ்சினேன்.

"அண்ணாச்சி, ஏழுங்கிற இடத்துல பதினஞ்சுன்னு போடுங்க. அவ்வளவுதான். ப்ளஸ் ஆயிரும். தப்புக் கணக்கு இல்லையே, சரியான கணக்குதானே?"

"சரிதான் சிஸ்டர். எனக்குத் தெரியாதா? காலண்டர் நாளால வகுத்தா காலண்டர் நாளை எண்ணணும். டூட்டி நாளை எண்ணினா டூட்டி நாளால வகுக்கணும். பி.காம்ல முதல் வருஷமே சொல்லிக்குடுப்பாங்க."

"பின்னே?"

அவர் மௌஸை நகர்த்தி அந்தக் கட்டத்தில் வைத்தார். ஒரு எண்ணைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்! அவர் விரல் விசைமேல் இருந்தது. உள்ளே மேனேஜர் செருமினார். வேறொன்றும் செய்யவில்லை, சளி பிடித்திருந்தாலும் இருக்கலாம். அண்ணாச்சி விரலை எடுத்துவிட்டார்.

"எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு சிஸ்டர்" என்றார்.

எனக்கு இருப்பது பிள்ளை இல்லையா? இதை நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. பச்சைச் சேலை கட்டிக்கொண்டு அங்கேயே மதியம்வரை நின்றேன். நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்த தெரிந்தவர்கள், "என்ன சிஸ்டர் விசேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்த பீரோ எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் பத்தாவது, பன்னிரண்டாவது, நர்சிங், பதிவுச் சான்றிதழ், எல்லாம் மூன்றாவது தட்டில் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம். சாவி அவர் இடுப்பில்.

மூன்று மணிக்கு ஜெராக்ஸ்களை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா நல்லவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தண்ணீர் கொடுத்தார். "அசல் இல்லாம நான் சேத்துக்கிட்டா என் வேலை போயிரும்மா. அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன். யாரையாவது அனுப்பி வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார். என் கணவர் ஆஸ்பத்திரியில்தான் நின்றுகொண்டிருந்தார். நான்கரைக்குப் போன் பண்ணினேன். மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம், சாவியோடு. ஐந்து மணி ஆனபிறகும் அந்த அம்மா பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ரிஜிஸ்டரை மூடினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வியாழக்கிழமை அந்த வேலைக்கு வேறொரு பெண் சேர்ந்துவிட்டாள். அந்த அம்மாவே போன் பண்ணிச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் வந்தார். எண்ணெய் தடவி முகமெல்லாம் மினுமினு என்று இருந்தது. என்னைப் பார்த்து, "என்னம்மா, கவர்மெண்ட் வேலை எப்படி இருக்கு?" என்றார். அந்தத் தாளை நீட்டினேன். அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"என்னய்யா இது? இந்தப் பொண்ணுக்கு டூட்டி நாளே பதிமூணு. ஏழை எதுக்கு முப்பதால வகுத்து வச்சிருக்க? ரெண்டுல ஒண்ணைப் பண்ணு, போட்டுக் கலக்காத" என்று மேனேஜரைப் பார்த்துச் சத்தம் போட்டார். பேனாவை எடுத்து அவரே இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தார். பதிமூன்றில் ஏழு என்றால் மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வந்தது. முப்பதில் பதினைந்து என்றால் மூவாயிரத்து ஐந்நூறு. குறைச்சலாக வந்ததைச் சுழித்தார். டாக்டர் அல்லவா, கை நடுங்காமல் வெட்டத் தெரியும்.

ஆயிரம் ரூபாய் என் கைக்கு வந்தது. சான்றிதழும் வந்தது. மேனேஜர்தான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். தூசியைத் தட்டிவேறு கொடுத்தார்.

"வேலை போயிருச்சு சார்" என்றேன் டாக்டரிடம்.

"அடடா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் மூணு நாள் டூட்டிக்கு வேற ஆள் போட்டாச்சே. முழு டூட்டி வேணா வா. பதினாலாயிரம். திங்கள்கிழமை சேந்துக்கோ" என்றார்.

நான் வரமாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த ஆயிரத்தைத் திருப்பி எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் யார் சோறு போடுகிறார்களோ தெரியாது. இரண்டு நாள் வாடகையை விட்ட ஆட்டோவுக்கு அந்த வாரம் தவணை கட்ட வேண்டும். கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் இருக்கிற இன்னொரு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தேன். அங்கே பன்னிரண்டாயிரம்தான் என்றார்கள், சான்றிதழை அவர்களும் கேட்டார்கள். பையனைப் பால்வாடியில் விட்டேன். முதல் நாள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

இருபத்திரண்டாம் தேதி திங்கள்கிழமை போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் கையை நீட்டினார். கைகொடுக்க இல்லை, சான்றிதழுக்கு. கொடுத்தேன்.

மாதம் முடிந்து சம்பளத் தாள் வந்தது. இருபத்திரண்டிலிருந்து முப்பதுவரை எண்ணினால் ஒன்பது நாள். பதினாலாயிரத்தை முப்பதால் வகுத்து ஒன்பதால் பெருக்கினால் நாலாயிரத்து இருநூறு. தாளில் மூவாயிரத்து எழுநூற்று முப்பத்து மூன்று என்று இருந்தது. வகுப்பதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருக்கிறது, எண்ணுவதற்கு அது வேண்டாம். 'வந்த நாள்' எட்டு.

கணக்கர் அண்ணாச்சி தலையைத் தூக்கவே இல்லை. டாக்டர் அந்த வாரமும் ஊரில் இல்லை. மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்று தாளை எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, இந்தத் தடவை ப்ளஸ். சந்தோஷமா?"

அவர் பேனாவை நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

"சந்தோஷம் சார்" என்றேன்.